இரண்டரைக் கட்டை

படத்திறப்பு என்றால் நம் பக்கத்து ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொய் வருமோ தெரியாது. உயிரோடு இருந்தவரைக்கும் பக்கத்து வயல்காரனோடு வாய்க்கால் தண்ணீருக்கு மல்லுக்கட்டிய ஆள், படத்துக்குள் போய் உட்கார்ந்த மறுநிமிஷம் தங்கமான மனுஷன் ஆகிவிடுவார். மைக்கைப் பிடித்தவர் பேசி முடிப்பதற்குள், செத்தவரே எழுந்து வந்தாலும் இது வேறு யாரோ என்று திரும்பிப் போய்விடுவார்.

வீணை சொல்லிக்கொடுத்த ரெத்தினம் டீச்சருக்கு இந்த வேஷமே ஆகாது. கூட வேலை பார்த்த மிருதங்க வாத்தியார் ஒருவரின் படத்திறப்பில், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த மாணவி விண்ணரசியின் காதருகே குனிந்து, "நாம மண்டபம் மாறி வந்துட்டமா? இவரு யாரைப் பத்திப் பேசுறாரு?" என்று கேட்டவர். விண்ணரசி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு இன்று படத்திறப்பு. நினைவுரை விண்ணரசி.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதிவைத்த பேச்சை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். வழியெல்லாம் சம்பா அறுப்பு. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள், டிரைவர் சலித்துக்கொண்டே ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். "இசைக்காகவே வாழ்ந்தவர்" என்று தாளில் ஒரு வரி இருந்தது. படிக்கும்போதே டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறைப்பதுபோல் பட்டது. பேனாவை எடுத்து அடித்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாதாவே, என்னை ஏன் இதில் மாட்டிவிட்டாய் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாட்டிவிட்டது மாதா இல்லை, அண்ணாதுரை. டீச்சரிடம் முதன்முதல் படித்தவர், தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் பட்டாவும் சிட்டாவும் பார்த்த தோரணையிலேயே வீணையையும் பார்ப்பார். டீச்சரின் சாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் அவர்தான் எடுத்துச் செய்தார், அதைக் குறை சொல்ல முடியாது. படத்திறப்பு வரைக்கும் டீச்சரின் வீணையை உறை போட்டு மூடக் கூடாது, பக்கத்தில் விளக்கு எரியணும், சுருதி கலையக் கூடாது என்று உத்தரவு போட்டார். சுருதி பார்க்கிற வேலையை விண்ணரசியிடம் கொடுத்தார். வாரந்தோறும் அவள் வந்து, கலைந்திருக்கும் தந்தியை, பிருடை என்கிற முறுக்காணியைத் திருகிச் சரி செய்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். வாசிக்க மாட்டாள். கை வரவில்லை.

காலையில் போனிலும் ஒரு உத்தரவு வந்திருந்தது. "விண்ணரசி, ஒண்ணு கேளும்மா. கடைசி வருஷங்கள்ல அம்மா சுருதியை ரெண்டரைக் கட்டைக்கு எறக்கி வச்சிருந்தாங்க. வெரல்ல தெம்பு இல்ல, பாவம். அது நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். மேடைக்கு வர்றப்ப வீணையை மூணு கட்டைக்கு ஏத்திடு. அவங்க சுருதி மூணுதான். பேச்சுலயும் அதைத் தொடாதே."

இதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? தந்தி இறுக்கமாக இருந்தால் சுருதி கூடும், அந்த உயரத்தைத்தான் கட்டைக் கணக்கில் சொல்வது. ஆனால் இறுகிய தந்தியைப் பித்தளை மெட்டின்மேல் இழுத்து, சுரத்தை அசைக்கிற கமகம் பிடிக்க விரலில் வலு வேண்டும். வயசானவர்கள் அரைக் கட்டை குறைத்துக்கொள்வது வழக்கம்தான். டீச்சர் குறைத்தபோது படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்கு ஒத்துப்போகத் தங்கள் வீணைகளையும் அரைக் கட்டை இறக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் வீட்டில் கதவைத் திறந்தது வானதி, டீச்சரின் ஒரே மகள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, புருஷன், பிள்ளைகள். அம்மா காரியத்துக்கு வந்தவள் ஒரு மாதமாக இங்கேதான் இருக்கிறாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"வாங்கக்கா" என்றாள், காற்று மாதிரி. போன வாரமும் இப்படித்தான் பேசினாள், அதற்கு முந்தின வாரமும். அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும் என்று விண்ணரசி நினைத்திருந்தாள்.

"இன்னுமா தொண்டை சரியாகல? மிளகு போட்டுப் பால் குடிச்சியா?"

வானதி கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். கை சில்லென்று இருந்தது.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அக்கா, அம்மா போகல."

"என்னடி சொல்ற?"

"எல்லாரும் கெளம்பிப் போன அன்னிக்கு, ஊருக்குப் போன் போட்டுப் புள்ளைங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். சிக்னல் இல்லன்னு கொஞ்சம் சத்தமாப் பேசினேன். பேசி நிறுத்தினா, கூடத்துல வீணை முனகுது. யாரும் தொடல. நான் ஒருத்திதான் வீட்டுல. மறுநாளும் அப்படியே. நான் பேசினா அது பேசுது. நான் வாயை மூடினா கொஞ்ச நேரம் முனகிட்டு அடங்குது. அதான் சத்தமாவே பேசுறதில்ல."

ஒரு மாதமாகத் தன் அம்மா வீட்டில் ஒரு பெண் கிசுகிசுத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள்.  ஆனாலும் விண்ணரசி வாத்தியாரம்மா அல்லவா, திருத்துறைப்பூண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்.

"அசடு, வீணைன்னா அப்படித்தான். ஓரத்துல தாளத்துக்குன்னு மூணு தந்தி இருக்கில்ல, அது மெட்டுல படாம சும்மா நிக்கும். பக்கத்துல யாராவது அதே சுருதியில கொரல் குடுத்தா தானா அதிரும். இதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"அப்ப நீங்க வந்து இவ்வளவு நேரம் பேசுறீங்களே, அது ஏன் வாயத் தொறக்கல? அண்ணாதுரை சார் வந்து கூடத்துல நின்னு அந்தக் கத்து கத்துறாரு. ஏரோப்ளேன் போனா ஜன்னலெல்லாம் ஆடுது. அதுக்கெல்லாம் சும்மாத்தானே இருக்கு? என்கிட்ட மட்டும்தான் அக்கா."

விண்ணரசி யோசித்துப் பார்த்தாள், தான் வந்தபோதெல்லாம் அது சும்மாத்தான் இருந்திருக்கிறது.

வானதி அடுப்பில் இருந்த பாலைப் பார்த்தபடி சொன்னாள். "ஞாயித்துக்கெழமதான் நான் போன் போடுவேன். கடைசி ஞாயித்துக்கெழம போடல. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கேயோ போயிருந்தோம், மறந்தே போச்சு. மறுநாள் காலையில சஃபியா அக்கா வந்து பாத்தப்ப, அம்மா வீணைகிட்ட செவத்துல சாஞ்ச மேனிக்கே போய்ச் சேந்திருக்காங்க. போன் வீணை மேல இருந்துச்சாம். காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அதான் இப்ப விடமாட்டேங்குறாங்க. ஏன்டி கூப்பிடலன்னு கேக்குறாங்க."

பக்கத்து வீட்டு சஃபியா சொல்லி விண்ணரசிக்கும் இது தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு காலேஜ்லேருந்து வண்டி வருது. வீணையைக் குடுத்துடுறேன். இந்த வீட்டுக்கு அது திரும்பக் கூடாது. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். மேடையில பேசுறப்ப அம்மாவைப் போகச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. என் பேச்சைத்தான் எப்பவும் கேட்டதில்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி அடுப்பில் கொட்டியது. வானதி துணியில்லாமல் பாத்திரத்தைப் பிடித்துவிட்டாள். "ஆ... அம்மா!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

கத்தல் ஓய்ந்தது. கூடத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். மீட்டின சத்தம் இல்லை, ஆரம்பம் இல்லாத ஒரு ரீங்காரம். வீட்டுக்குள் வேறொருத்தர் மூச்சு விட்டதுபோல மெல்ல நீண்டு, மெல்லத் தேய்ந்தது. விண்ணரசி எட்டிப் பார்த்தாள், வீணை பக்கம் யாரும் இல்லை. தான் இப்போது அவிழ்த்துவிட்ட விளக்கமெல்லாம் எங்கே போயிற்றோ! சுட்ட விரலை உதறக்கூட மறந்து வானதி அவளைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் விண்ணரசி. அவள் குரலும் இப்போது காற்றாகத்தான் வந்தது.

யோசிக்க நேரமில்லை. வாசலில் காரோடு ஆள் வந்து ஹாரன் அடித்தான். விண்ணரசி வீணை முன்னால் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பிருடைகளைத் திருகினாள். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வாசிக்கிற தந்தி நாலும், ஓரத்துத் தாளத் தந்தி மூன்றும் அரைக் கட்டை ஏறின. மெழுகில் நிற்கிற மெட்டுகளைத் தொட வேண்டியதில்லை. தந்தி ஏறினால் எல்லாம் சேர்ந்து ஏறும். கடைசியாக, தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குக் கீழே இருக்கிற சின்ன வளையங்களைத் தள்ளி, மயிரிழை பிசகாமல் மூணு கட்டையில் நிறுத்தினாள்.

காரில் பின்சீட்டில் வீணையின் குடம் வானதி மடியில், யாளி முகம் விண்ணரசி மடியில். கீழவாசல் திருப்பத்தில் பைக் ஓட்டிவந்த ஒருவன் குறுக்கே புகுந்தான். டிரைவர் பிரேக் போட, "அம்மாடி!" என்று அலறிவிட்டாள் வானதி. அலறியதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீணையைப் பார்த்தார்கள். அது வெறும் பலாமரமாகக் கிடந்தது.

"பேசலையே" என்றாள் வானதி. குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போயிட்டாங்களாக்கா?" என்றாள். போகணும் போகணும் என்று ஒரு மாதமாகத் தவித்தவள், இப்போது குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். இந்த மனசை என்னவென்று சொல்வது!

மண்டபம் சின்னதுதான், நிறைந்திருந்தது. டீச்சர் படத்துக்கு ரோஜா மாலை, பக்கத்தில் விரித்த ஜமக்காளத்தில் வீணை. அண்ணாதுரை படத்தைத் திறந்துவைத்து, எதிர்பார்த்தபடியே பேசினார். டீச்சர் வீணையைத் தொட்டால் கல்லும் கரையும் என்றார். பிறவி மேதை என்றார். பரம்பரை ஞானம் என்றும் ஒரு வார்த்தை விட்டார். விண்ணரசிக்குச் சுருக்கென்றது. டீச்சரின் அம்மா ராமாயி அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்த வீட்டில் பரம்பரையாக வந்தது சேற்றுப்புண் ஒன்றுதான். டீச்சரே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்த் தாளைப் பிரித்தாள். முதல் வரிசையில் வானதி, விரலில் மருந்தோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணரசி தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். டீச்சர் பிறவி மேதை இல்லீங்க. அவங்களே ஒத்துக்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தாள். அண்ணாதுரை நாற்காலியில் நெளிந்தார்.

"நாத்துப் பிடுங்கிக்கிட்டு இருந்த பொண்ணு. ஆஸ்டல்ல சோறு போடுறாங்கன்னு இசைப்பள்ளியில சேந்தாங்க. அங்க காலியா இருந்தது வீணைதான், அதனால வீணை. நானும் அப்படித்தான். எங்க மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு ஆர்மோனியம் கத்துக்கலாம்னு போனேன், இடமில்லன்னுட்டாங்க. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இடதுகையை நீட்டுன்னாங்க. நீட்டினேன்."

அவள் இடதுகையை உயர்த்திக் காட்டினாள். ஆள்காட்டி விரல் பாதிக்குமேல் மடங்காமல் விறைத்து நின்றது.

"சின்ன வயசுல அறுப்பு அரிவாள் பட்டது. வீணைக்கு இடதுகை ஆள்காட்டியும் நடுவிரலும்தான் உசிரு. ரெண்டும் சேந்து மெட்டு மேல ஓடணும். இந்த விரலை வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. டீச்சர் ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் கழிச்சு வான்னாங்க. போனேன். அவங்க ஆள்காட்டி விரல்ல நூலைச் சுத்தி, மடங்காதபடி ஈர்க்குச்சி வச்சுக் கட்டியிருந்தாங்க. அந்த ஒரு மாசமும் அப்படிக் கட்டிக்கிட்டே வாசிச்சுப் பாத்திருக்காங்க. எந்தெந்த எடத்துல நடுவிரல் முன்னால போகணும், எங்க மோதிர விரலைத் தொணைக்குக் கூப்பிடணும்னு கண்டுபுடிச்சு வச்சிருந்தாங்க. எனக்குச் சொல்லிக்குடுக்குறதுக்காக நல்ல விரலை மொடமாக்கிக்கிட்ட மனுஷிங்க அவங்க. நான் அப்ப யாரோ எவளோ."

 விண்ணரசிக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"ரொம்பக் கண்டிப்பு. வீணைக் குடத்து மேல ஒரு பேனா வச்சாலும் கை மேல அடி விழும். ஆனா அவங்க மட்டும்..." என்று சிரித்தாள். "அவங்க மட்டும் ஞாயித்துக்கெழமயானா போனைக் கொண்டாந்து குடத்து மேல வச்சுக்குவாங்க. ஸ்பீக்கரைப் போட்டுட்டு, காதைக் குடத்துக்கிட்ட..."

பேச்சு அங்கே நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன் வந்தது. வானதி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன புதுசு. விண்ணரசி பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்தது, குடத்து மேல் போனது, "எம்மோவ், சாப்டியா?" என்று வானதி குரல் கேட்டது. டீச்சர் பேசிக்கொண்டே தாளத் தந்தியின் பிருடையை இறக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இறக்குவார், மகளை எதையாவது பேசவிட்டுக் கேட்பார், மறுபடி கொஞ்சம் இறக்குவார். பெற்ற பெண் பேசும்போதுகூட இந்தம்மாவுக்கு வீணைதானா என்று விண்ணரசிக்கு அன்று வருத்தமாகக்கூட இருந்தது. போனை வைத்ததும், "இனிமே ரெண்டரைதான்" என்றார் டீச்சர். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, "எனக்கு இது போதும்" என்றார். விரலில் தெம்பில்லை போலிருக்கிறது என்று அவள் மேலே கேட்கவில்லை.

தெம்பாவது மண்ணாவது! அதற்கடுத்த வருஷம்கூட மணிக்கணக்காக வாசித்த கை அது. அன்று எப்படி இது உறைக்காமல் போயிற்று? இத்தனை பேர் படித்தோம், காது இருக்கிறது என்று பீற்றிக்கொண்டோம், ஒருத்தருக்கும் கேட்கவில்லையே என்று விண்ணரசிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"மன்னிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஜமக்காளத்தில் வீணை முன்னால் உட்கார்ந்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாளத் தந்திகளை இறக்க ஆரம்பித்தாள்.

அண்ணாதுரை குடுகுடுவென்று ஓடிவந்தார். "என்னம்மா செய்யுற? சபையில வச்சு எறக்குறியே! நான் என்ன சொன்னேன்?"

"அண்ணே, உக்காருங்க. டீச்சர் வெரல் தெம்பில்லாம எறக்கல."

"பின்ன?"

"உக்காருங்கண்ணே, சொல்றேன்" என்றாள். பள்ளிக்கூடத்துக் குரல் அது. தாலுக்கா ஆபீசே உட்கார்ந்தது.

மூன்று தந்தியையும் இரண்டரையில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "வானதி, இங்க வா."

வானதி தலையை ஆட்டி மறுத்தாள். பக்கத்தில் இருந்த சஃபியா அவள் முதுகில் கைவைத்து எழுப்பி அனுப்பினாள். மேடையேறி வந்து வீணையிலிருந்து எட்டவே நின்றாள்.

"உக்காரு. அம்மாவைக் கூப்பிடு."

"வேண்டாங்க்கா." உதடு மட்டும் அசைந்தது.

"காலையில ஒண்ணு கேட்டியே, ஏன் என்கிட்ட மட்டும் பேசுதுன்னு. அதுக்குப் பதில் இப்பத்தான் தெரிஞ்சுது. என் பேச்சை நம்ப வேண்டாம், நீயே கேளு. கூப்பிடு."

வானதி வீணையைப் பார்த்து, "அம்மா" என்றாள். ஒரு மாதம் அடக்கிவைத்த குரல் கரகரத்துத் தாழ்ந்து வந்தது. வீணை சும்மா இருந்தது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். விண்ணரசி பிருடைகளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ? ஏற்கெனவே நொந்துகிடக்கிற பெண்ணைச் சபையில் நிறுத்தி வேடிக்கை ஆக்கிவிட்டோமோ?

"அப்படி இல்லடி. போன்ல எப்படிக் கூப்பிடுவே? ஞாயித்துக்கெழம எப்படிக் கூப்பிடுவே, அப்படிக் கூப்பிடு."

வானதி கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு வந்தது, தூரத்து வயலில் இருக்கிறவரைக் கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூப்பிடுகிற அந்த நீளக் குரல்.

"எம்மோ...வ்!"

நிறுத்தினாள். விண்ணரசி மைக்கைக் குடத்தருகே பிடித்தாள். யார் கையும் படாத வீணையிலிருந்து அந்த ரீங்காரம் எழுந்து மண்டபம் முழுக்கப் பரவியது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அண்ணாதுரை எழுந்து நின்றுவிட்டார். படத்தில் டீச்சர் எப்போதும்போல் கொஞ்சம் முறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தேய்ந்து அடங்கும்வரை விண்ணரசி காத்திருந்தாள். பிறகு மைக்கில் பேசவில்லை, வானதியிடம்தான் பேசினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"உன் கொரலுக்குத்தான்டி அதிரும். நான் மூணுக்கு ஏத்தினதாலதான் கார்ல பேசல. நீ கல்யாணமாகிப் போனப்பறம், நீ போன்ல பேசுறப்ப பதில் வர்ற வரைக்கும் தந்தியை எறக்கி எறக்கிப் பாத்து, உன் கொரல் எங்க நிக்குதோ அங்க நிறுத்துனாங்க. மூணு கட்டையில வாசிச்சவங்க, உனக்காக ரெண்டரைக்கு வந்தாங்க. நீ வீணையைத் தொடமாட்டேன்னு சின்ன வயசுல எந்திரிச்சுப் போனே. அதுக்கப்பறம் அவங்க உன்னைக் கேக்கவே இல்ல, இல்லையா? உன்னைக் கேக்கல, வீணைய உன்கிட்டக் கொண்டாந்துட்டாங்க. அத்தனை வருஷமும் அந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ரெண்டரைக்கு எறக்கிக்கிட்டுத்தான் பாடம் கேட்டோம். நாங்க அத்தன பேரும் கத்துக்கிட்டது உன் சுருதியிலதான்."

வானதி வீணைக்கருகே வந்து குனிந்தாள். சுட்ட விரலால் குடத்தைத் தொட்டாள். போன் வைத்து வைத்து அங்கே பாலிஷ் தேய்ந்து ஒரு கட்டம் வெளுத்திருந்தது. இத்தனை நாள் வீட்டிலேயே இருந்தும் அதை அவள் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

"கடைசி ஞாயித்துக்கெழம நான் கூப்பிடலக்கா" என்றாள். வாய்விட்டுச் சொன்னாள். சபைக்கு நடுவில், ஒளிக்காமல்.

"கூப்பிடல" என்றாள் விண்ணரசி. அந்த இடத்தில் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. டீச்சர் படம் பக்கத்திலேயே இருந்தது. "காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. அதுக்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது சமாதானம் ஆகாது. ஆனா கோவத்துல முனகுறாங்கன்னு மட்டும் நெனைக்காத. நீ கூப்பிட்டா பதில் சொல்லணும்னு பண்ணி வச்ச ஏற்பாடு இது. அவங்க போயிட்டாங்க வானதி. ஏற்பாடு அப்படியே இருக்கு, அவ்வளவுதான்."

வாசலில் காலேஜ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்து, "வீணை எடுக்க வந்திருக்கோம்" என்றார்.  அண்ணாதுரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரிடம் போய், "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, வந்த கூலியை நான் குடுத்துடுறேன். வீணை வரல. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்வது மைக் இல்லாமலே மேடை வரைக்கும் கேட்டது. மகளைக் கேட்காமல் முடிவெடுக்க இவர் யார் என்று இன்னொரு நாளாயிருந்தால் விண்ணரசி சண்டைக்குப் போயிருப்பாள்.

வானதி வீணை முன்னால் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குடத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் என்ன இருக்கும்? வாராவாரம் அந்த ஐந்து நிமிஷப் போனில் அம்மாவிடம் அவள் உருப்படியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம்மோவ்" என்றாள், "சாப்டியா?"

தந்தி பதில் சொன்னது. அது முழுக்க அடங்கும்வரை போனை வைக்கக் கூடாது என்பதுபோல் அவள் தலையைச் சாய்த்து, காதைக் குடத்துக்கிட்டே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.